ஜெயித்த பணம் எங்கே போகிறது? லண்டன் பந்தயமும் சிங்கப்பூர் வங்கிக் கணக்கும்

கேள்வி: "நான் சிங்கப்பூர்க்காரன், வேலைக்காக ரெண்டு வருஷம் லண்டன்ல இருக்கேன். சம்பளம் சிங்கப்பூர் கணக்குலதான் விழுது. இங்க லைசென்ஸ் உள்ள ஒரு தளத்துல ஃபுட்பால் பெட் பண்றேன். மாசம் சுமார் 100 பெட், ஒவ்வொண்ணும் 20 பவுண்ட். என் கணக்குப்படி 2% எட்ஜ் இருக்கு. மாச ஆரம்பத்துல சிங்கப்பூர் டெபிட் கார்டுல 1,000 பவுண்ட் போடுவேன், மாசக் கடைசில மொத்தத்தையும் எடுத்துடுவேன். கார்டுக்குத் திருப்பி அனுப்ப முடியாதுன்னு சிங்கப்பூர் வங்கிக் கணக்குக்கு அனுப்புறாங்க. தளத்துல லாபம் காட்டுது, வங்கிக் கணக்கு குறையுது. கட்டணம் இவ்வளவு தின்னுமா, இல்ல என் எட்ஜே பொய்யா?"

தின்னும். நீங்கள் பணத்தைப் போட்டு எடுக்கும் முறையில் 2 சதவீத எட்ஜை முழுதாக விழுங்கிவிட்டு, மேலும் கொஞ்சம் கேட்கும். இதை உறுதியாகவே சொல்லலாம், ஏனென்றால் இது வெறும் கூட்டல் கழித்தல். எட்ஜ் உண்மையா பொய்யா என்பதை அதே உறுதியோடு யாராலும் சொல்ல முடியாது, அதைப் பின்னால் பார்ப்போம். நான் முதலில் சிராங்கூன் சாலையில் பணம் அனுப்பும் கடை ஒன்றிலும், அப்புறம் ஒரு வங்கியின் அட்டைப் பிரிவில் வெளிநாட்டுப் பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் வேலையிலும் பல வருடங்கள் இருந்தவன். எந்த அணி ஜெயிக்கும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பணம் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகும் வழியில் எங்கெங்கே கசிகிறது என்பது எனக்குத் தெரியும்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் எட்ஜ், அதாவது நீண்ட ஓட்டத்தில் சராசரியாகக் கிடைக்கும் என்று நீங்கள் நம்பும் லாப விகிதம், வருவது பந்தயம் கட்டும் தொகையின் மேல். கட்டணம் விழுவது எல்லை தாண்டும் தொகையின் மேல். இரண்டுக்கும் அடித்தளம் வேறு. 20 பவுண்ட் கட்டினால் சராசரியாக 40 பென்ஸ் உங்களுடையது, அவ்வளவுதான். ஆனால் 1,000 பவுண்டை உள்ளே கொண்டு போகும்போது அந்த 1,000-க்கும் கட்டணம், வெளியே கொண்டு வரும்போது முதல், லாபம் இரண்டும் சேர்ந்த தொகைக்கும் கட்டணம். இ.ஆர்.பி வளைவு மாதிரிதான்: உள்ளே போய் எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள் என்று அது கேட்காது, வளைவைத் தாண்டினாலே காசு. அதனால் "கட்டணம் எத்தனை சதவீதம்" என்று மட்டும் கேட்டால் பாதி விடைதான் கிடைக்கும். ஒரு முறை உள்ளே போன பணம் வெளியே வருவதற்குள் எத்தனை முறை பந்தயமாகச் சுழன்றது என்பதுதான் மீதிப் பாதி.

உள்ளே போகும் பக்கத்தைப் பார்ப்போம். சிங்கப்பூர் வங்கி அட்டையில் வெளிநாட்டு நாணயத்தில் செலவு செய்தால் பல வங்கிகளில் 3.25 சதவீதத்தை ஒட்டி எடுக்கிறார்கள். அதில் ஏறத்தாழ 1 சதவீதம் விசா அல்லது மாஸ்டர்கார்டுக்கு, மிச்சம் வங்கிக்கு. மாத அறிக்கையில் இது பெரும்பாலும் தனி வரியாக வராது, மாற்று விலைக்குள்ளேயே கரைந்து ஒரே வெள்ளித் தொகையாகத் தெரியும். அதனால்தான் பலர் "எனக்குக் கட்டணமே போடவில்லை" என்று சொல்கிறார்கள். உங்கள் தளமும் "டெபாசிட் இலவசம்" என்றுதான் எழுதியிருக்கும், அது பொய் இல்லை, தளம் எதுவும் எடுக்கவில்லை, எடுத்தது உங்கள் வங்கி.

பணம் போடும் பக்கத்தில் சில இடங்களில் "சிங்கப்பூர் வெள்ளியிலேயே கட்டுங்கள்" என்று ஒரு வசதி வரும். பார்க்கப் பரிவாக இருக்கும், தொகை உடனே வெள்ளியில் தெரியும். அதைத் தொடாதீர்கள். அங்கே மாற்று விலையை வைப்பது பணத்தை வாங்கும் பக்கம், அதில் அவர்களுடைய லாபம் ஏற்கெனவே இருக்கும். போதாததற்கு, வெள்ளியில் கட்டினாலும் வெளிநாட்டில் செயலாக்கப்பட்டது என்று சொல்லி நம் வங்கிகள் பல சுமார் 1 சதவீதம் தனியாக எடுக்கும். எப்போதும் பவுண்டைத் தேர்ந்தெடுங்கள். இன்னொன்று, கிரெடிட் கார்டில் போடலாமா என்று பலர் கேட்பதால் சொல்கிறேன்: பிரிட்டனில் உரிமம் பெற்ற தளங்கள் 2020 ஏப்ரல் 14 முதல் சூதாட்டத்துக்குக் கிரெடிட் கார்டு வாங்கக் கூடாது. அந்தக் கதவு மூடியாகிவிட்டது, நல்லதுதான். சூதாட்டப் பரிவர்த்தனைகள் அட்டை வலையமைப்பில் 7995 என்ற வணிகக் குறியீட்டோடு வரும். அதைப் பார்த்ததும் ரொக்கமாக எடுத்த கடன் போலக் கணக்கு வைத்து, தனிக் கட்டணமும் அன்றைய நாளிலிருந்தே வட்டியும் போடும் கிரெடிட் கார்டுகள் உண்டு. அந்த மாதிரி ஒரு டெபாசிட்டை எந்த எட்ஜாலும் மீட்க முடியாது.

வெளியே வரும் பக்கம் இன்னும் மங்கலானது. தளம் பவுண்டில் அனுப்புகிறது. அது சிங்கப்பூரில் உங்கள் வெள்ளிக் கணக்கில் வந்து விழும்போது, உங்கள் வங்கி தன் வாங்கும் விலையில் மாற்றும். நாணய மாற்றுக் கடைப் பலகையில் வாங்கும் விலை, விற்கும் விலை என்று இரண்டு எண்கள் இருக்குமே, வங்கியிலும் அதேதான். நடுவில் இருக்கும் உண்மையான சந்தை விலையிலிருந்து அவர்கள் விலை எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் உங்கள் செலவு. அதற்கு மேல், உள்வரும் வெளிநாட்டுப் பணத்துக்கு 10 வெள்ளி அளவில் ஒரு கையாளும் கட்டணம் பல வங்கிகளில் உண்டு. நடுவில் ஒரு இடைத்தரக வங்கி இருந்தால் அதுவும் தன் பங்கைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பும். அனுப்பும் படிவத்தில் SHA என்று போட்டிருந்தால் கட்டணத்தை இரு பக்கமும் பகிர்கிறது என்று அர்த்தம், உங்கள் பங்கு வரும் வழியிலேயே போய்விடும்.

இப்போது உங்கள் எண்களையே போட்டுப் பார்க்கலாம். கணக்கு எளிதாக இருக்க ஒரு பவுண்டுக்கு நடு விலை 1.70 வெள்ளி என்று வைத்துக்கொள்கிறேன், இன்றைய விலை எதுவானாலும் விகிதம் மாறாது. 1,000 பவுண்ட் என்பது 1,700 வெள்ளி. 3.25 சதவீதம் சேர்த்தால் உங்கள் கணக்கில் கழிவது 1,755 வெள்ளி 25 காசு. மாதம் 100 பந்தயம், ஒவ்வொன்றும் 20 பவுண்ட், ஆக மொத்தம் 2,000 பவுண்ட் கட்டுகிறீர்கள். எட்ஜ் 2 சதவீதம் என்றால் எதிர்பார்க்கும் லாபம் 40 பவுண்ட், அதாவது 68 வெள்ளி. தளத்தில் 1,040 காட்டுகிறது, சந்தோஷம். அதை வெளியே எடுக்கிறீர்கள். நடு விலையில் அது 1,768 வெள்ளி. வங்கியின் வாங்கும் விலை நடு விலையைவிட 1.5 சதவீதம் குறைவு என்று வைத்தால் 26 வெள்ளி 52 காசு போகும், கையாளும் கட்டணம் 10 வெள்ளி, கையில் வருவது 1,731 வெள்ளி 48 காசு. போட்டது 1,755.25, வந்தது 1,731.48. பந்தயத்தில் 40 பவுண்ட் ஜெயித்து, மாதக் கடைசியில் சுமார் 24 வெள்ளி நஷ்டத்தில் நிற்கிறீர்கள்.

இதில் 1.5 சதவீதம் என்பது நான் வைத்த ஊகம், உங்கள் வங்கியில் கூடவோ குறையவோ இருக்கலாம். ஆனால் அது பாதியாகவே இருந்தாலும் உங்கள் மாத லாபம் மைனஸில்தான் முடியும், போட்டுப் பாருங்கள். மொத்தச் செலவு 91 வெள்ளி 77 காசு. நீங்கள் கட்டிய 2,000 பவுண்ட், அதாவது 3,400 வெள்ளியோடு ஒப்பிட்டால் அது 2.7 சதவீதம். ஆக 2.7 சதவீத எட்ஜ் இருந்தால்தான் நீங்கள் வெறும் பூஜ்யத்தில் நிற்க முடியும். ஃபுட்பால் போன்ற பெரிய சந்தையில் 2 சதவீதம் தொடர்ந்து கிடைப்பதே அரிது.

இப்போது அதே பந்தயங்கள், அதே தொகை, அதே எட்ஜ், ஆனால் ஜனவரியில் ஒரு முறை போட்டு டிசம்பரில் ஒரு முறை எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 12 மாதத்தில் கட்டிய தொகை 24,000 பவுண்ட், 2 சதவீதம் 480 பவுண்ட், அதாவது 816 வெள்ளி. உள்ளே போன செலவு அதே 55 வெள்ளி 25 காசு. வெளியே வருவது 1,480 பவுண்ட், நடு விலையில் 2,516 வெள்ளி, அதில் 1.5 சதவீதமும் 10 வெள்ளியும் போனால் 47 வெள்ளி 74 காசு. ஆண்டு முழுக்கச் செலவு சுமார் 103 வெள்ளி, கட்டிய தொகையில் கால் சதவீதம்தான். மிச்சம் 713 வெள்ளி. மாதா மாதம் போட்டு எடுத்தால் அதே ஆண்டில் சுமார் 285 வெள்ளி நஷ்டம். ஒரு பந்தயம்கூட மாறவில்லை, வித்தியாசம் கிட்டத்தட்ட 1,000 வெள்ளி. முதல் கணக்கில் பணம் எல்லைக்குள் 2 சுற்று ஓடிவிட்டு வெளியே வந்தது, இரண்டாவதில் 24 சுற்று ஓடியது.

மாதக் கடைசியில் எல்லாவற்றையும் எடுத்துவிடுவது ஒழுக்கம் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள், அந்த எண்ணத்தில் தப்பே இல்லை. ஆனால் அந்த ஒழுக்கத்துக்கு எல்லை தாண்டும் விலை கொடுக்க வேண்டியதில்லை, அதே லண்டனில் இன்னொரு கணக்குக்கு எடுத்து வைத்தாலும் ஒழுக்கம்தான்.

அதற்காகப் பணத்தை மொத்தமாகத் தளத்திலேயே வருடக்கணக்கில் விட்டு வையுங்கள் என்றும் நான் சொல்ல மாட்டேன். பிரிட்டனில் உரிமம் பெற்ற தளங்கள், நிறுவனம் திவாலானால் வாடிக்கையாளர் பணத்துக்கு எந்த அளவு பாதுகாப்பு என்பதை விதிமுறைகளில் எழுதியாக வேண்டும். பாதுகாப்பு இல்லை, நடுத்தரம், உயர்ந்தது என்று மூன்று நிலைகள். "இல்லை" என்று எழுதியிருப்பவையும் சட்டப்படி நடப்பவைதான். உங்கள் தளத்தில் எது எழுதியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். அப்புறம், 1,000 பவுண்டை வைத்து 20 பவுண்டாகக் கட்டும்போது நடுவில் ஒரு மோசமான ஓட்டம் வந்து கணக்கு பாதிக்கும் கீழே போவது சாதாரணம். அப்போது மறுபடி பணம் போட்டால் மறுபடி 3.25. பந்தயத்தை 10 பவுண்டாகக் குறைத்தால் அந்த ஆபத்து குறையும், ஆனால் கட்டும் தொகையும் பாதியாவதால் செலவின் பங்கு கால் சதவீதத்திலிருந்து அரை சதவீதத்தை நெருங்கும். தொடர்ந்து ஜெயிப்பவர்களின் வரம்பைத் தளங்கள் குறைப்பதும் உண்டு, 20 பவுண்ட் கட்டியவருக்கு ஒரு நாள் 3 பவுண்ட்தான் அனுமதி என்று வரும். அப்படி வந்தால் சுழற்சி நின்றுபோகும், உள்ளே போட்ட பணத்துக்குக் கொடுத்த கட்டணம் மட்டும் அப்படியே இருக்கும்.

சரி, உங்கள் நிலைமையில் உண்மையான வழி இதையெல்லாம்விட எளிது. நீங்கள் லண்டனில் வசிக்கிறீர்கள். வாடகை, சாப்பாடு, ரயில் எல்லாம் பவுண்டில்தான். அப்படியென்றால் பந்தயப் பணம் ஏன் சிங்கப்பூர் வரை போய்த் திரும்ப வேண்டும்? லண்டனிலேயே ஒரு வங்கிக் கணக்கு திறந்து, அந்த டெபிட் கார்டில் போட்டு, அதே கார்டுக்கு எடுங்கள். பிரிட்டன் அட்டைக்கும் பிரிட்டன் தளத்துக்கும் நடுவில் நாணய மாற்றமே கிடையாது, எடுப்பதற்கும் பெரும்பாலும் கட்டணம் இல்லை. ஜெயித்தால் அந்தப் பவுண்ட் அடுத்த மாத வாடகைக்குப் போகட்டும், அந்த அளவுக்குச் சிங்கப்பூரிலிருந்து குறைவாக அனுப்புங்கள். முதல் தடவை சிங்கப்பூரிலிருந்து அனுப்ப வேண்டிய 1,000 பவுண்டை, நடு விலையைக் கொடுத்துக் கட்டணத்தைத் தனியாகக் காட்டும் பண அனுப்பு நிறுவனம் ஒன்றின் மூலம் அனுப்பினால், அரை சதவீதத்தை ஒட்டித்தான் ஆகும். 8 வெள்ளி 50 காசு. வாடகைக்காக எப்படியும் அனுப்பப் போகும் பணத்தோடு சேர்த்து அனுப்பினால் அதுவும் தனிச் செலவாகத் தெரியாது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எந்த வழியில் பணம் போட்டீர்களோ அதே வழியில்தான் திருப்பித் தருவோம் என்று தளங்கள் சொல்லும், பண மோசடித் தடுப்புக்காக. சிங்கப்பூர் அட்டையில் போட்ட பணத்தைத் திடீரென்று லண்டன் கணக்குக்கு அனுப்பு என்றால் ஆவணம் கேட்பார்கள், மறுக்கவும் செய்யலாம். அதனால் வெளியே வரும் வழியை உள்ளே போகும் அன்றே தீர்மானிக்க வேண்டும். இப்போது உள்ளே இருப்பதை ஒரு முறை பழைய வழியிலேயே எடுத்து முடித்து, அந்த ஒரு நஷ்டத்தைப் பொறுத்துக்கொண்டு, அடுத்ததை லண்டன் அட்டையில் தொடங்குங்கள். போட்ட பணத்தை ஒரு முறையாவது பந்தயமாகக் கட்டாமல் திருப்பி எடுத்தால் கட்டணம் பிடிக்கும் தளங்களும் உண்டு, அந்த விதியையும் ஒரு முறை படித்துவிடுங்கள்.

சிலர் இ-வாலட் வழியைச் சொல்வார்கள். வேகமானது என்பது உண்மை. ஆனால் வாலட்டைத் திறக்கும்போது எந்த நாணயத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று பாருங்கள். அமெரிக்க டாலரில் வைத்திருந்தால் வெள்ளி டாலராகும், டாலர் பவுண்டாகும், திரும்பும்போது பவுண்ட் டாலராகும், டாலர் வெள்ளியாகும். நான்கு மாற்றம். வாலட்டுகள் மாற்றத்துக்கு எடுக்கும் பங்கு அட்டையைவிடக் குறைவாக இருக்கும் என்று நம்ப வேண்டாம், பல நேரம் கூடுதல்.

உங்கள் கணக்கு குறைவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம், அதைக் கட்டணத்தோடு சேர்க்கக் கூடாது. பவுண்ட் விலையே நகர்கிறது. 2016 ஜூன் 24-ஆம் தேதி, பிரெக்ஸிட் வாக்கெடுப்பு முடிவு வந்த அன்று, அமெரிக்க டாலருக்கு எதிராக பவுண்ட் ஒரே நாளில் சுமார் 8 சதவீதம் விழுந்தது. அந்த மாதிரி நாள் அபூர்வம், ஆனால் சில மாதங்களில் 2, 3 சதவீதம் அசைவது சகஜம். 1,000 பவுண்ட் உள்ளே இருக்கும்போது பவுண்ட் வெள்ளிக்கு எதிராக 3 சதவீதம் விழுந்தால் 51 வெள்ளி போச்சு, அது உங்கள் மாத லாபத்தில் முக்கால் பங்கு. ஏறினால் அதே அளவு வரும். அதனால் இது செலவு இல்லை, எட்ஜே இல்லாத இன்னொரு பந்தயம், நீங்கள் கேட்காமலே உங்கள் தலையில் விழுந்தது. சிங்கப்பூரில் வீட்டுக் கடன் கட்டுகிறீர்கள், எல்லாமே வெள்ளியில்தான் கணக்கு என்றால் இது உங்களைப் பாதிக்கும். லண்டனில் செலவழிக்கப் போகும் பவுண்ட் என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை.

கட்டணம் எவ்வளவு, விலை அசைவு எவ்வளவு, பந்தயம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க ஒரே வழி, ஒவ்வொரு தடவையும் மூன்று எண்ணைக் குறித்து வைப்பது: சிங்கப்பூர் கணக்கில் கழிந்த வெள்ளி, தளத்தில் சேர்ந்த பவுண்ட், அந்த நேரத்து நடு விலை. செலவு = கழிந்த வெள்ளி − (சேர்ந்த பவுண்ட் × நடு விலை). எடுக்கும்போது இதைத் திருப்பிப் போடுங்கள்: அனுப்பிய பவுண்டை நடு விலையால் பெருக்கி, வந்த வெள்ளியைக் கழியுங்கள். அட்டைப் பரிவர்த்தனையில் விலை பெரும்பாலும் நீங்கள் பொத்தானை அழுத்திய நாளில் நிர்ணயமாகாது, கணக்கில் பதிவாகும் நாளில் ஆகும், ஒன்றிரண்டு நாள் தள்ளிப் போகும். அதனால் ஒரு தடவையை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், ஐந்தாறு தடவையின் சராசரியைப் பாருங்கள். அது 3 சதவீதத்துக்கு மேலே நின்றால் அட்டைக் கட்டணம். ஒரு தடவை 4, அடுத்த தடவை 2 என்று ஆடினால் அது விலை அசைவு.

இவ்வளவும் சரி செய்த பிறகும் ஒரு ஓட்டை மிஞ்சலாம், உங்கள் கேள்வியில் அது தெளிவாக இல்லை. நீங்கள் பந்தயம் கட்டுவது சாதாரணத் தளத்திலா, ஆட்கள் ஒருவருக்கு எதிராக ஒருவர் கட்டும் எக்ஸ்சேஞ்சிலா? எக்ஸ்சேஞ்ச் என்றால் ஜெயித்த தொகையில் கமிஷன் உண்டு, 2 சதவீதம், 5 சதவீதம் என்று தளத்தையும் திட்டத்தையும் பொறுத்தது. "ஜெயித்ததில் 2 சதவீதம்தானே" என்று தோன்றும். ஏறக்குறைய 2.00 ஆட்ஸில், அதாவது ஜெயித்தால் கட்டியது இரட்டிப்பாகத் திரும்பும் விலையில், கட்டுபவர் பாதித் தடவை ஜெயிப்பார், ஒவ்வொரு முறையும் ஜெயித்த 20 பவுண்டில் 40 பென்ஸ் போகும். அதாவது கட்டிய மொத்தத் தொகையில் சுமார் 1 சதவீதம். உங்கள் 2 சதவீத எட்ஜ் கமிஷனுக்கு முன்பா, பின்பா? முன்பு என்றால் பாதி அங்கேயே போய்விட்டது. 5 சதவீதக் கமிஷன் என்றால் மொத்தத்தில் இரண்டரை சதவீதம், எட்ஜே மிஞ்சாது. நாணய மாற்றம் போல இதைச் சுழற்சியால் குறைக்கவும் முடியாது, ஏனென்றால் இது ஒவ்வொரு சுற்றிலும் கூடவே ஓடி வரும்.

இனி அந்த 2 சதவீதம் உண்மையா என்பது. ஆட்ஸ் 2.00 அளவில் ஒரு பந்தயத்தின் ஏற்ற இறக்கம் கிட்டத்தட்ட கட்டிய தொகை அளவே. ஆண்டுக்கு 1,200 பந்தயம் கட்டினால், மொத்த முடிவின் இயல்பான சிதறல் 20 பவுண்டை 1,200-இன் வர்க்கமூலத்தால் பெருக்கியது, சுமார் 690 பவுண்ட். எதிர்பார்க்கும் லாபமோ 480. எனவே உங்களுக்கு உண்மையிலேயே 2 சதவீதம் இருந்தாலும், ஏறத்தாழ நான்கில் ஒரு ஆண்டு கட்டணத்துக்கு முன்பே நஷ்டத்தில் முடியும். அதே போல எட்ஜ் எதுவுமே இல்லாத ஒருவரும் ஒரு ஆண்டு முழுக்க லாபத்தில் இருக்கலாம். ஆகவே தளத்தில் சில மாதம் லாபம் காட்டுவது ஒன்றையும் நிரூபிக்கவில்லை. கட்டணம் நிச்சயம், எட்ஜ் சந்தேகம், இதுதான் இன்று உங்கள் கையில் இருக்கும் உண்மை நிலவரம்.

இதைக் கொஞ்சம் சீக்கிரம் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. நீங்கள் வாங்கிய ஆட்ஸையும், ஆட்டம் தொடங்குமுன் கடைசியாக நின்ற ஆட்ஸையும் ஒப்பிடுங்கள். கடைசி ஆட்ஸிலிருந்து தளத்தின் லாப விளிம்பை நீக்கிய பிறகு 2.00 என்று வந்து, நீங்கள் 2.04-க்கு வாங்கியிருந்தால், அந்தப் பந்தயத்தில் 2 சதவீதம் முந்தினீர்கள் என்று சொல்லலாம். பெரிய லீக் ஆட்டங்களில் கடைசி ஆட்ஸ் ஓரளவு நம்பத்தக்கது, சின்ன லீக்குகளில் அப்படிச் சொல்ல முடியாது. ஜெயித்தது தோற்றதைவிட இந்த எண் குறைவாகவே ஆடும், சில நூறு பந்தயங்களிலேயே ஒரு போக்கு தெரிய ஆரம்பிக்கும். வாங்கிய ஆட்ஸை விளிம்பு நீக்கிய கடைசி ஆட்ஸால் வகுத்து வரும் சராசரி ஒன்றுக்குக் கீழே நின்றால், எந்த வழியில் பணத்தை நகர்த்தினாலும் எடுத்துச் செல்ல ஒன்றும் இருக்காது, அப்போது நிறுத்துவதுதான் லாபம்.

கடைசியாக, விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது இதைத் தொடாதீர்கள். 2022 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் இருக்கும் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, சிங்கப்பூரில் இருந்துகொண்டு இங்கே உரிமம் இல்லாத இணையத் தளத்தில் பந்தயம் கட்டுவது குற்றம். 10,000 வெள்ளி வரை அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். லண்டனில் சட்டப்படி திறந்த கணக்குதானே என்று சொல்லித் தப்ப முடியாது. சிங்கப்பூர் பூல்ஸில் வெள்ளியிலேயே கட்டலாம், மாற்றுச் செலவு கிடையாது, ஆனால் அங்கே கொடுக்கும் ஆட்ஸே வேறு, லண்டன் ஆட்ஸை வைத்துப் போட்ட உங்கள் கணக்கு அங்கே செல்லாது. வேலை முடிந்து நிரந்தரமாகத் திரும்புகிறீர்கள் என்றால், விமானம் ஏறுவதற்கு முன்பே தளத்தில் இருப்பதை லண்டன் கணக்குக்கு எடுத்து, தளத்தின் கணக்கை மூடிவிட்டு, வாடகை முன்பணம் திரும்பி வந்ததும் எல்லாப் பவுண்டையும் சேர்த்து ஒரே தடவையில் அனுப்புங்கள். 1,480 பவுண்டுக்கு அரை சதவீதம் என்றால் 13 வெள்ளிக்குள் முடிந்துவிடும்.